பாதி நூலுக்கு என்ன விலை?

கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மாதக் கடைசி இரவு மற்ற இரவுகளைப் போலத்தான் இருக்கும். மூன்றாவது ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும், ரிங் பிரேமில் ஸ்பிண்டில்கள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் கணக்குக்கு மாதம் முடிந்தாக வேண்டும். அதனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் அட்டையும் பேனாவுமாக உள்ளே வந்து, எந்த இயந்திரத்தில் எவ்வளவு பஞ்சு எந்த நிலையில் நிற்கிறது என்று எண்ணத் தொடங்குவார்கள். கார்டிங்குக்கும் டிராயிங்குக்கும் பக்கத்தில் கேன் கேனாக ஸ்லைவர் இருக்கும். சிம்ப்ளெக்ஸ் பக்கம் ரோவிங் பாபின்கள் அடுக்கியிருக்கும். ரிங் பிரேமிலிருந்து இறக்கிய காப்ஸ், கோன் வைண்டிங்குக்குக் காத்துக் கிடக்கும். இவை எதையும் நூல் என்று விற்க முடியாது. வெறும் பஞ்சு என்றும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் மில்லின் கூலியும் மின்சாரமும் இவற்றில் ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருக்கிறது.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு? இதைச் சரியாகச் சொல்லாமல், அந்த மாதம் முழுதாக முடிந்து பெட்டியில் போன நூலின் அடக்கவிலையையும் சொல்ல முடியாது. மாதச் செலவு ஒன்றுதான். அது முடிந்த நூலுக்கும் முடியாத சரக்குக்கும் இடையே பிரிய வேண்டும்.

சர்க்கரை, சிமென்ட், பெயின்ட், நூல் போன்ற தொழில்களில் ஒவ்வொரு பொருளுக்கும் தனி பில் போட்டுச் செலவைப் பிடிக்க முடியாது. ஒரே சரக்கு விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு மாதத்தின் மொத்தச் செலவை அந்த மாத உற்பத்தியால் வகுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கண்டுபிடிப்பார்கள். இதற்குச் செயல்முறை அடக்கவிலை முறை என்று பெயர். வகுப்பது சுலபம், எதால் வகுப்பது என்பதில்தான் சிக்கல். முடிந்த கிலோவால் மட்டும் வகுத்தால், அரைகுறைச் சரக்கில் ஏறிய கூலியையும் முடிந்த நூலே சுமக்கும். அரைகுறைக் கிலோவையும் முழுக் கிலோவாக எண்ணி வகுத்தால் நடக்காத வேலையை நடந்ததாகக் கணக்கு சொல்லும். இரண்டுக்கும் நடுவே கண்ட வழிதான் சமான அலகு: அரைகுறையாக நிற்கும் சரக்கில் நடந்திருக்கும் வேலையை, எத்தனை முழுக் கிலோவுக்கான வேலை என்று மாற்றி எண்ணுவது. பாதி முடிந்த 100 கிலோ, வேலையைப் பொறுத்தவரை 50 முழுக் கிலோவுக்குச் சமம்.

பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். கணக்கில் ‘நிறைவு 50 சதவீதம்’ என்று கொடுத்திருப்பார்கள், மாணவர் பெருக்கிப் போட்டுவிடுவார். மில்லில் அந்த 50-ஐ யாரும் கொடுப்பதில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையின் கடினமான பகுதி, தவறு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்பின்னிங் மாஸ்டரிடம் கேட்டால், “ரோவிங் வரைக்கும் வந்துருச்சுங்களே சார், முக்காவாசி வேலை முடிஞ்ச மாதிரிதானுங்க” என்பார். அவர் பார்வையில் அது சரி. பஞ்சு பேலைப் பிரித்துப் புளோரூமில் தூசி தட்டி, கார்டிங்கில் இழை இழையாகப் பிரித்து, டிராயிங்கில் நேராக்கி, சிம்ப்ளெக்ஸில் லேசாக முறுக்கேற்றி ரோவிங் ஆக்கியாயிற்று. மீதி இருப்பது ரிங் பிரேமும் கோன் வைண்டிங்கும்தான். ஆறு கட்டத்தில் நாலு முடிந்துவிட்டது. நூலின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் வேலைகளும் அந்த நாலுக்குள் வந்துவிடுகின்றன.

ஆனால் அடக்கவிலைக் கணக்கு எத்தனை இயந்திரம் தாண்டியது என்று பார்ப்பதில்லை, எத்தனை ரூபாய் ஏறியது என்று பார்க்கிறது. நூற்பாலையில் ரூபாய் சீராக ஏறுவதில்லை. மில்லின் மின்சாரத்தில் பெரும்பங்கை ரிங் பிரேம் தனியாகவே எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் சுற்று என்று சுற்றினாலும், ஒரு ஸ்பிண்டில் ஒரு ஷிப்டில் கொடுப்பது சில நூறு கிராம் நூல்கூட இராது. சைடர், டாஃபர் என்று ஆட்கள் அதிகம் நிற்பதும் அங்கேதான். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. அந்த மின்சாரச் செலவு இன்றும் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று, அது முக்கியமாக ஏறும் இடம் ரோவிங்குக்குப் பிறகு.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திருப்பூர் பனியன் துணிக்குப் போகும் 30-ஆம் நம்பர் கார்டட் நூல் மட்டும் ஓட்டும் மில் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சுக்கு மேல் ஆகும் செலவு, அதாவது கூலி, மின்சாரம், ஸ்பேர்ஸ், தேய்மானம் எல்லாம் சேர்ந்த மாற்றுச் செலவு, கிலோ நூலுக்கு 60 ரூபாய். பகுதி பகுதியாக மின் மீட்டரும் மஸ்டர் ரோலும் இருப்பதால் அதைப் பிரித்தும் பார்க்க முடிகிறது. புளோரூம் முதல் டிராயிங் வரை 12 ரூபாய், சிம்ப்ளெக்ஸில் 6, ரிங் பிரேமில் 33, வைண்டிங்கிலும் பேக்கிங்கிலும் 9.

இந்த எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தால் விடை தானே கிடைக்கிறது. டிராயிங் முடிந்த ஸ்லைவரில் 12 ரூபாய் ஏறியிருக்கிறது, அது 60-இல் 20 சதவீதம். ரோவிங்கில் 18 ரூபாய், 30 சதவீதம். காப்ஸில் 51 ரூபாய், 85 சதவீதம். மாஸ்டர் முக்கால்வாசி என்று சொன்ன ரோவிங், பணக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

அந்த மாதம் கோனில் சுற்றிப் பெட்டியில் கட்டிய நூல் 90,000 கிலோ. மாதக் கடைசியில் உள்ளே நின்றது 10,000 கிலோ: ஸ்லைவர் 4,000, ரோவிங் 4,000, காப்ஸ் 2,000. மாத ஆரம்பத்தில் உள்ளே எதுவும் இல்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

பஞ்சைப் பொறுத்தவரை கணக்கு நேரானது. பஞ்சு முதல் இயந்திரத்திலேயே முழுதாக உள்ளே போய்விடுகிறது. அதனால் ஸ்லைவராக நின்றாலும் காப்ஸாக நின்றாலும், பஞ்சுச் செலவில் அது 100 சதவீதம் முடிந்த சரக்குதான். பஞ்சுக்கான சமான அலகு 90,000-உம் 10,000-உம் சேர்ந்து 1,00,000 கிலோ. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். புளோரூமிலும் கார்டிங்கிலும் தூசியும் குட்டை இழையுமாகக் கணிசமான எடை கழிந்துவிடும், 1,15,000 கிலோ பஞ்சு போட்டால்தான் இந்த 1,00,000 கிலோ வரும். ஆகவே ஸ்லைவரின் ஒரு கிலோவைப் பஞ்சுக் கடையின் கிலோ விலையில் மதிப்பிடக் கூடாது. 1,15,000 கிலோவுக்குக் கொடுத்த 2,07,00,000 ரூபாயில், கழிவு பஞ்சு விற்று வந்த 7,00,000-ஐக் கழித்து, மீதி 2 கோடியை 1,00,000 கிலோவுக்குப் பரப்பினால் கிலோவுக்கு 200 ரூபாய். வாங்கிய விலை 180 ரூபாய். இந்த 20 ரூபாய் வித்தியாசம், வழக்கமாக ஆகும் கழிவை நல்ல சரக்கு சுமப்பதால் வருகிறது. வழக்கத்துக்கு மிஞ்சிய கழிவு, உதாரணமாகக் கலவை தவறி ஒரு லாட்டே வீணானால், கணக்கு நெறிகளின்படி சரக்கின் விலையில் ஏறக் கூடாது. அந்த மாத நஷ்டமாகத் தனியே போக வேண்டும்.

மாற்றுச் செலவுக்கு வேறு எண் வரும். ஸ்லைவர் 4,000 கிலோவில் 20 சதவீதம், 800. ரோவிங் 4,000-இல் 30 சதவீதம், 1,200. காப்ஸ் 2,000-இல் 85 சதவீதம், 1,700. ஆக, உள்ளே நின்ற 10,000 கிலோவில் நடந்திருப்பது 3,700 முழுக் கிலோவுக்கான வேலை. முடிந்த 90,000-ஐச் சேர்த்தால் 93,700. அந்த மாத மாற்றுச் செலவு 56,22,000 ரூபாயை இதால் வகுத்தால் கிலோவுக்குச் சரியாக 60.

ஒரே சரக்குக்கு இரண்டு எண்கள் வருவதைப் பார்த்துப் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். பஞ்சுக்கு ஒரு லட்சம், கூலிக்கு 93,700. ஒவ்வொரு செலவும் சரக்குக்குள் வெவ்வேறு நேரத்தில் நுழைகிறது என்பதுதான் காரணம். பேப்பர் கோனையும் அட்டைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். அவை கடைசியில்தான் சேர்கின்றன. அந்தச் செலவைத் தனியே வைத்துப் பார்த்தால், உள்ளே நிற்கும் 10,000 கிலோவின் சமான அலகு பூஜ்யம்.

இப்போது பிரிக்கலாம். முடிந்த நூல் கிலோவுக்கு 260 ரூபாய் வீதம் 90,000 கிலோவுக்கு 2,34,00,000. உள்ளே நிற்பதில் பஞ்சு 20,00,000, மாற்றுச் செலவு 3,700 × 60 = 2,22,000, ஆக 22,22,000. இரண்டையும் கூட்டினால் 2,56,22,000. மாதம் செலவானதும் அதுவே.

இதே மில்லில் மாஸ்டர் சொன்ன கணக்கைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறு கட்டங்களையும் சமமாக எடுத்துக்கொண்டு ஸ்லைவருக்குப் பாதி, ரோவிங்குக்கு மூன்றில் இரண்டு, காப்ஸுக்கு ஆறில் ஐந்து என்று போட்டால் சமான அலகு 3,700 என்பது ஏறத்தாழ 6,333 ஆகிவிடும். மாற்றுச் செலவு கிலோவுக்கு 58 ரூபாய் 36 காசுக்கு இறங்கும். முடிந்த நூல் கிலோவுக்கு 1 ரூபாய் 64 காசு மலிவாகத் தெரியும். அந்தக் காசு காணாமல் போகவில்லை. சுமார் 1,48,000 ரூபாய், நூலை விட்டு இயந்திரத்தில் நிற்கும் ஸ்லைவரிலும் ரோவிங்கிலும் போய் உட்கார்ந்துகொண்டது. மாதத்தின் லாபம் அந்த அளவு கூடித் தெரியும். அடுத்த மாதம் அதே சரக்கு, ஏறிய விலையோடு நூலாகி வெளியே வரும்போது, அந்த லாபம் திரும்பக் கரையும்.

நடுவில் அந்த மலிவு விலையை நம்பி விற்பனை மேனேஜர் திருப்பூர் வியாபாரிக்கு விலை சொல்லிவிடலாம். நூல் வியாபாரத்தில் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் என்பது ஆர்டரைக் கொடுக்கவும் பறிக்கவும் போதுமான தொகை. ரொக்கக் கடனுக்காக வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் சரக்கு அறிக்கையிலும் இதே வீங்கிய மதிப்புதான் போகும்.

இவ்வளவு தவறு இருந்தும் பல மில்களில் இது ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கக் காரணம் உண்டு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உள்ளே நிற்கும் சரக்கு ஏறத்தாழ ஒரே அளவாக, ஒரே கலவையாக இருந்தால், ஆரம்பத்தில் கூடுதலாக மதிப்பிட்டதும் கடைசியில் கூடுதலாக மதிப்பிட்டதும் ஒன்றையொன்று அடித்துவிடும். சரக்கு ஆடும் மாதத்தில்தான் குட்டு வெளிப்படும். தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பாமல் ரிங் பிரேம்கள் பாதி நிற்கின்றன, ஆனால் சிம்ப்ளெக்ஸ் ஓடுகிறது என்றால் ரோவிங் மலைபோல் குவியும். அந்த மாதம் தவறான சதவீதத்தைப் போட்டால், ஆள் இல்லாமல் உற்பத்தி விழுந்த மாதத்தில் கிலோ அடக்கவிலை குறைந்ததாகக் கணக்கு சொல்லும். அப்படி ஒரு முடிவு வந்தால் கணக்காளர் முதலில் பார்க்க வேண்டியது நிறைவு சதவீதத்தைத்தான்.

நூலின் நம்பர் மாறும்போது இதைவிட நுட்பமான தவறு நுழையும். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசாகும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட கண்டுகள் எத்தனை என்பதுதான் அந்த நம்பர். மெல்லிய நூலுக்கு முறுக்கு அதிகம் வேண்டும், நீளமும் அதிகம். அதனால் ஒரு கிலோவை முடிக்க ஸ்பிண்டில் அதிக நேரம் சுற்ற வேண்டும். நம் மாதிரி மில் அடுத்து 40-ஆம் நம்பருக்கு மாறினால் ரோவிங் வரை அதே 18 ரூபாய், ரிங் பிரேமில் 50, வைண்டிங், பேக்கிங்கில் 12 என்று மொத்தம் 80 ஆகலாம். அப்போது ரோவிங்கின் நிறைவு 18-க்கு 80, அதாவது 22.5 சதவீதம். பாபினைக் கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய 30 சதவீதத்தையே வைத்திருந்தால் கிலோவுக்கு 24 ரூபாய் என்று வரும், உண்மையில் ஏறியதைவிட 6 ரூபாய் அதிகம். ஒரே ரோவிங், அது எந்த நூலாகப் போகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு அளவு ‘முடிந்ததாக’ இருக்கும். பல நம்பர்கள் ஓடும் மில்லில் ஒரே சதவீத அட்டவணை போதாததற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் மாதத்துக்கு வந்தால் இன்னொரு கேள்வி எழும். போன மாதம் விட்டுப்போன 10,000 கிலோ இந்த மாதம் முடிகிறது. அதில் ஏற்கெனவே நடந்த 3,700 கிலோ வேலையை இந்த மாதத்தோடு கலப்பதா, தனியே வைப்பதா? கலந்து சராசரி எடுப்பது ஒரு முறை. முதலில் வந்தது முதலில் போகிறது என்று தனியே வைப்பது இன்னொன்று. கணக்கியல் தரம் இரண்டையும் ஏற்கிறது. இந்த மாதம் 92,000 கிலோ முடிந்து, கடைசியில் உள்ளே நின்ற சரக்கின் சமான அலகு 3,000 என்று வைத்தால், சராசரி முறையில் மொத்தம் 95,000. தனியே வைக்கும் முறையில், போன மாதத்து 3,700 போக, இந்த மாதம் உண்மையில் நடந்த வேலை 91,300.

மின்வெட்டால் ஜெனரேட்டர் ஓட்டிச் செலவு 58,43,200 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தனியே வைக்கும் முறை கிலோவுக்கு 64 ரூபாய் என்று சொல்லும். போன மாதத்தின் 2,22,000-ஐச் சேர்த்து 95,000-ஆல் வகுக்கும் சராசரி முறை 63 ரூபாய் 84 காசு என்று சொல்லும். வித்தியாசம் 16 காசுதான், ஏனென்றால் உள்ளே நிற்கும் சரக்கு மாத உற்பத்தியில் சிறு பங்கு. ஆனாலும் மாதத்துக்கு மாதம் செலவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று உரிமையாளர் பார்க்க வேண்டுமானால் தனியே வைக்கும் முறையே மேல். சராசரி முறை போன மாதத்தின் விலையை இந்த மாதத்துக்குள் கொண்டுவந்து கலக்கிவிடுகிறது.

சதவீதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைப் பெருக்குவது கிலோவால்தான், அந்தக் கிலோவும் மாதக் கடைசி இரவில் எண்ணி வந்தது. கேனை யாரும் எடைபோடுவதில்லை. நிறைந்த கேனின் சராசரி எடையை வைத்து, முக்கால் கேன், அரைக் கேன் என்று கண்ணளவில் எழுதிக்கொள்கிறார்கள். ரிங் பிரேமின் மேல் தொங்கும் ரோவிங் பாபின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு கரைந்திருக்கும், எல்லாவற்றையும் சராசரியாகப் பாதி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பாபின்கள் பல நூறாக, வெவ்வேறு நேரத்தில் மாற்றப்பட்டவையாக இருந்தால் இந்தப் பாதி நன்றாகவே பொருந்தும். ஒரு பிரேமில் எல்லாப் பாபினையும் ஒரே சமயம் மாற்றும் மில்லில் பொருந்தாது. அங்கே எண்ணுபவர் பிரேம் பிரேமாகப் பார்த்து எழுதத்தான் வேண்டும். பஞ்சு ஈரத்தையும் உறிஞ்சும். பருத்திக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஈரப்பத அளவு 8.5 சதவீதம். வெளியே உலர்ந்து கிடந்த பேலின் எடையையும், ஈரக்காற்று கட்டுப்படுத்திய ஹாலில் நிற்கும் ரோவிங்கின் எடையையும் அப்படியே ஒப்பிட்டால் கழிவு குறைந்ததுபோலத் தோன்றும்.

சந்தேகம் வந்தால் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ரிங் பிரேம் மீட்டர் காட்டும் யூனிட்டை அந்த மாதம் ரிங் பிரேமில் நடந்த வேலையின் சமான கிலோவால் வகுத்துப் பார்க்க வேண்டும். நம்பர் மாறாதவரை இந்த எண் மாதாமாதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ரூபாய்க் கணக்கில் கிலோ அடக்கம் குதித்தும், யூனிட் கணக்கு அசையாமலும் இருந்தால், சரக்கு மதிப்பீடு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மார்ச் 31-இல் மட்டும் குதித்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆண்டுக் கடைசியில் ரோவிங்கின் சதவீதத்தை 30-லிருந்து 60 ஆக்கினால், லாபத்தைக் கூட்டிக் காட்ட வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. கம்பெனிகளின் அடக்கவிலைப் பதிவேடுகள், தணிக்கை குறித்த 2014-ஆம் ஆண்டு விதிகளில் ஜவுளித் தொழிலும் அடக்கம். ஆண்டு விற்பனை 35 கோடி ரூபாயை எட்டிய கம்பெனிகள் அடக்கவிலைப் பதிவேடு வைக்க வேண்டும். முடியாத சரக்கை எப்படி மதிப்பிட்டார்கள் என்பதும் அதில் தெரிய வேண்டும்.

அந்தப் பதிவேட்டைத் திறக்கும் தணிக்கையாளர் சதவீத அட்டவணையின் தேதியைத்தான் முதலில் பார்ப்பார். சாதாரண ரிங் பிரேமில் காம்பாக்ட் கருவி பொருத்தினால், இழைகளை ஒடுக்கும் உறிஞ்சு விசைக்கே கூடுதல் மின்சாரம் போகும். ரிங் பிரேமின் பங்கு ஏறும், ஸ்லைவரும் ரோவிங்கும் சதவீதத்தில் இறங்கும். வைண்டிங்கில் கைமுறையை விட்டு ஆட்டோகோனருக்கு மாறினால் கூலி குறைந்து தேய்மானம் கூடும், காப்ஸின் 85-உம் நகரும். இயந்திரம் மாறிய பிறகும் பழைய அட்டவணையே ஓடுகிறது என்றால், பகுதிவாரிச் செலவை மறுபடி எடுத்து அந்த 12-ஐயும் 18-ஐயும் 51-ஐயும் முதலிலிருந்து கூட்டச் சொல்லிவிட்டுத்தான் அவர் அடுத்த பக்கத்துக்குப் போவார்.